திங்களா, செவ்வாயா? 29ஆம் நோன்பு இரவும் பெருநாள் அறிவித்தலும்

ரமழான் 25ஐத் தாண்டினால் பாடசாலையிலும் கடையிலும் பள்ளிவாசல் வாசலிலும் ஒரே கேள்விதான். "சேர், பெருநாள் எப்ப?" கேட்பவர் ஒரு நாளைச் சொல்லச் சொல்கிறார். நாமும் அவர் மனம் கோணாமல் இருக்க, "பெரும்பாலும் திங்கள்தான்" என்று ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்புகிறோம். அந்த 'பெரும்பாலும்' என்ற சொல் வீடு போய்ச் சேர்வதற்குள் உதிர்ந்துவிடுகிறது. "திங்கள் பெருநாளாம், சேர் சொன்னார்" என்பதே மிஞ்சுகிறது.

எங்கள் மஹல்லாவில் பள்ளிவாசலின் அறிவித்தல்களை எழுதிக்கொடுக்கும் வேலை சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. ஜனாஸா அறிவித்தல், கூட்ட அறிவித்தல், குர்பான் பங்கு அறிவித்தல் எல்லாம் இலகு. நடக்கப்போவது என்னவென்று தெரியும், அதை எழுதினால் போதும். நோன்புப் பெருநாள் அறிவித்தல் மட்டும் அப்படியல்ல. நாள் தெரியாத நிலையில், தெரியாது என்பதையே தெளிவாக அறிவிக்க வேண்டியிருக்கிறது. நமது பள்ளிவாசல்கள் பலவும் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. பிறை விடயத்தில் நமக்குள் இருக்கும் கருத்து வேறுபாடுகளைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். ஒரே தீர்மானத்தை ஏற்றுக்கொண்டிருக்கும் ஊர்களிலேயே அந்தத் தீர்மானம் மக்களைச் சென்றடையும் விதம் எவ்வளவு குழப்பமானது என்பதைப் பேசியது குறைவு.

முதலில் ஒரு விடயத்தை நேராக்கிக்கொள்ள வேண்டும். பெருநாள் எந்த நாளிலும் வரலாம் என்ற நிலை ஒருபோதும் இல்லை. ரமழான் தலைப்பிறை அறிவிக்கப்பட்ட அன்றிரவே ஷவ்வாலுக்கான இரண்டு நாட்களும் முடிவாகிவிடுகின்றன. மாதம் 29 என்றால் ஒரு நாள், 30 என்றால் அதற்கு அடுத்த நாள். மூன்றாவது வாய்ப்பு கிடையாது. ஆகவே "பெருநாள் எப்பவென்று தெரியாது" என்று சொல்வது தவறான தகவல். "இந்த இரண்டு நாளில் ஒன்று, இன்ன இரவு தெரியும்" என்பதே சரியான தகவல். இதை ரமழான் முதல் வாரத்திலேயே அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடலாம். கடைசி வாரம் வரை காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

அண்மைய இரண்டு வருடங்களை எடுத்துப் பார்ப்போம். 2022இல் இங்கு முதலாவது நோன்பு ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. அப்படியானால் 29ஆவது நோன்பு மே 1, அதுவும் ஞாயிறு. பிறை கண்டால் திங்கள், காணாவிட்டால் செவ்வாய். 2025இல் முதலாவது நோன்பு மார்ச் 2, மீண்டும் ஞாயிறு. 29ஆவது மார்ச் 30, ஞாயிறு. கண்டால் திங்கள், காணாவிட்டால் செவ்வாய். திகதியை மாற்றினால் இரண்டு வருடங்களுக்கும் ஒரே அறிவித்தலையே ஒட்டியிருக்கலாம். ஆனால் முடிவு வேறு வேறு. 2022இல் பிறை தென்படவில்லை, 30ஐப் பூர்த்தி செய்து மே 3 செவ்வாயன்று பெருநாள் எடுத்தோம். 2025இல் பிறை தென்பட்டது, மார்ச் 31 திங்களன்று பெருநாள்.

ஏன் இந்த வேறுபாடு? அமாவாசை எனும் சந்திப்பு நேரத்தைக் கணக்கால் நிமிடம் தவறாமல் சொல்லலாம். 2022இல் அது இலங்கை நேரப்படி மே 1 அதிகாலை ஏறக்குறைய இரண்டு மணிக்கு நிகழ்ந்தது. அன்று மாலை ஆறேகாலளவில் சூரியன் மறைந்தபோது பிறைக்கு வயது 16 மணித்தியாலம் சொச்சம். அந்த வயதில் பிறை சூரியனுக்கு மிக அருகில், செக்கர் வெளிச்சத்துக்குள் மூழ்கிக்கிடக்கும். வெற்றுக்கண்ணுக்குப் படுவது மிக அரிது. 2025இல் சந்திப்பு மார்ச் 29 பிற்பகல் நாலரை மணியளவில் நடந்துவிட்டது. மறுநாள் மாலை பிறைக்கு வயது கிட்டத்தட்ட 26 மணித்தியாலம். மேகம் மறைக்காவிட்டால் கண்ணுள்ளவர் காணக்கூடிய பிறை அது. இந்த இரண்டு அமாவாசைகளிலும் உலகின் வேறு பகுதிகளில் சூரிய கிரகணமும் நிகழ்ந்தது. "கிரகணத்தை நிமிடக் கணக்கில் சொல்கிறார்கள், பெருநாளைச் சொல்ல முடியாதா?" என்று என்னிடம் உயர்தர மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. கிரகணம் சந்திப்பு நேரத்தைப் பற்றியது. நாம் எதிர்பார்த்திருப்பது அதற்குப் பின்னர் பிறை நமது அடிவானத்தில், நமது மேகத்துக்கிடையே, ஒரு மனிதக் கண்ணுக்குப் பட்டதா என்பதை. முன்னதைக் கணக்கு முடித்துவைக்கும். பின்னதைக் கணக்கால் "இன்று சாத்தியம்", "இன்று அநேகமாக இல்லை" என்ற அளவுக்குத்தான் சொல்ல இயலும்.

அந்த அளவுக்காவது சொல்லலாமே என்பது என் கருத்து. மக்களிடம் இரண்டு நாட்களையும் சமமாக வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதைவிட, "இம்முறை 29ஆம் இரவு பிறையின் வயது குறைவு, எனவே 30 பூர்த்தியாக வாய்ப்பு அதிகம், ஆனாலும் தீர்மானம் அன்றிரவுதான்" என்று ஜும்ஆவுக்குப் பின் இரண்டு வசனம் சொன்னால் போதும். 2022 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். எரிவாயு வரிசை, மின்வெட்டு, பால்மா தட்டுப்பாடு. ஒரு சிலிண்டரில் எஞ்சியிருப்பதை வைத்துப் பெருநாள் சமையலைத் திட்டமிட்ட குடும்பத்துக்கு, ஞாயிறு இரவே வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிவதா வேண்டாமா என்பது சிறிய விடயமல்ல.

இனி அந்த இரவுக்கு வருவோம். மஃரிபுக்குப் பின் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறைக்குழுக் கூட்டம். பெரிய பள்ளிவாசல் நிருவாகத்தினர், ஜம்இய்யதுல் உலமாவின் பிறைக்குழுவினர், முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் பிரதிநிதிகள் ஆகியோர் அங்கே இருப்பார்கள். நாடெங்கிலுமிருந்து வரும் தகவல்களுக்காகத் தொலைபேசி இலக்கங்கள் முற்கூட்டியே வெளியிடப்பட்டிருக்கும். ஆறரை மணிக்கே வட்ஸ்அப்பில் "பிறை என்னாச்சு?" தொடங்கிவிடும். ஆறரைக்கு முடிவு சொல்ல ஏன் முடியாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

கல்முனையிலும் காத்தான்குடியிலும் சூரியன் கொழும்பைவிட ஏழெட்டு நிமிடம் முந்தி மறைகிறது. அந்த ஊர்களுக்குக் கடல் கிழக்கே. பிறை மறைவது மேற்கே, தென்னைமரங்களுக்கும் வீட்டுக் கூரைகளுக்கும் அப்பால். எனவே பிறை பார்ப்பவர்கள் வயல்வெளிக்கோ வாவிக்கரைக்கோ போகவேண்டும். பேருவளை, புத்தளம் போன்ற இடங்களில் மேற்கு அடிவானம் கடலோடு திறந்திருக்கிறது, ஆனால் அங்கு சூரியன் பிந்தியே மறையும். மார்ச், ஏப்ரல் மாலைகளில் இடிமழை மேகம் வேறு. சூரியன் மறைந்தவுடன் வானம் இருட்டாது. இளம்பிறை தென்படச் சில நிமிடங்கள் கழிய வேண்டும். ஒருவர் கண்டார் என்றால் அவர் தன் பள்ளிவாசலுக்குச் சொல்லி, அங்குள்ள ஆலிம்கள் அவரை விசாரித்து, பின்பே கொழும்புக்குத் தகவல் போகும். சூரியன் மறைந்த இடத்துக்கு வலமா இடமா, எவ்வளவு உயரத்தில், கொம்புகள் எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் நின்றது, உடன் கண்டவர்கள் யார் என்றெல்லாம் கேட்பார்கள். நமது அகலாங்கில், பங்குனி, சித்திரைக் காலத்து இளம்பிறை தோணி போலக் கொம்புகள் மேல்நோக்கிக் கிடக்கும். படத்தில் பார்த்த மாதிரி நிமிர்ந்து நின்றது என்று ஒருவர் சொன்னால், அவர் கண்டது விமானத்தின் புகைக்கோடாகவோ மேகத்தின் விளிம்பாகவோ இருக்கக் கூடும். அதோடு, ஷாபிஈ மத்ஹபின்படி ரமழானைத் தொடங்க நீதமான ஒருவரின் சாட்சியம் போதும், ஷவ்வாலுக்கு இருவர் வேண்டும். பெருநாள் இரவில் முடிவு தாமதிக்க இதுவும் ஒரு காரணம்.

ஆக, ஏழு மணிக்கு முன் எதையும் எதிர்பார்க்க முடியாது. எட்டரை ஆனாலும் வியப்பில்லை. இடையில் ஏழரையளவில் இஷா வந்துவிடுகிறது. குழப்பத்தின் மையம் இந்த இஷாதான். தராவீஹ் தொழுவிப்பதா, தக்பீர் சொல்வதா? பள்ளிவாசல் எதையும் சொல்லாமல் மௌனமாக இருக்கும்போது ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். பெண்கள் பக்கத்தில் ஒருவர், தராவீஹ் ஆரம்பிக்கவில்லை என்பதால் நாளை பெருநாள் என்று முடிவெடுத்து வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த தெருவில் ஒரு சிறுவன் பட்டாசு கொளுத்துவான். அது கேட்ட இடமெல்லாம் பெருநாளாகிவிடும்.

இதற்கு எங்கள் பகுதியில் நாங்கள் கைக்கொள்ளும் வழி எளிது. 29ஆம் இரவில் ஒலிபெருக்கியில் மூன்று அறிவித்தல்களில் ஒன்று மட்டுமே வரும் என்று முதல் ஜும்ஆவிலேயே சொல்லிவைக்கிறோம். "பிறை காணப்பட்டதாகத் தீர்மானம்", "காணப்படவில்லை எனத் தீர்மானம்", "இன்னும் தீர்மானம் வரவில்லை". மூன்றாவதுதான் முக்கியமானது. இஷா பாங்குக்கு முன் தீர்மானம் வராவிட்டால் கட்டாயமாக அதைச் சொல்கிறோம். "இப்போது நேரம் 7.25. பெரிய பள்ளிவாசலிலிருந்து தீர்மானம் இன்னும் வரவில்லை. இஷா வழமைபோல் நடைபெறும். தராவீஹ் 8.15 வரை தாமதிக்கப்படும். அடுத்த அறிவித்தல் 8.15க்கு." அதற்குப் பின் 8.15க்குத் தீர்மானம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டாயம் பேசுகிறோம். வரவில்லையென்றால் அதையே மீண்டும் சொல்லி, அடுத்த நேரத்தைக் கொடுத்து, தராவீஹைத் தொடங்கிவிடுகிறோம். சொன்ன நேரத்தில் பேசும் பள்ளிவாசலை மக்கள் நம்பிக் காத்திருக்கிறார்கள். பேசாத பள்ளிவாசலுக்குப் பதிலாகக் கைபேசியை நம்புகிறார்கள்.

கைபேசி விடயம் தனியாகச் சொல்லவேண்டியது. ஒரு வருடம் 29ஆம் இரவு, இஷாவுக்கு முன்பே, ஒரு குரல்பதிவு எங்கள் ஊர் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றியது. தெளிவான குரல், ஸலவாத்தோடு தொடக்கம், "ஷவ்வால் மாதத்துக்கான தலைப்பிறை தென்பட்டதால் நாளை நோன்புப் பெருநாள்" என்ற வார்த்தைகள். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. அது அந்த வருடத்துப் பதிவல்ல. அதில் கிழமையோ திகதியோ ஹிஜ்ரி வருடமோ சொல்லப்படாததால், கேட்டவர் யாருக்கும் அதைக் கண்டுபிடிக்க வழியிருக்கவில்லை. 'நாளை' என்பது எந்த வருடத்துக்கும் பொருந்தும் சொல். பொய் பரப்பியவர் யாருமில்லாமலேயே பொய் பரவியது. அனுப்பியவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினார்கள்.

அதனால் அறிவித்தலில் 'நாளை', 'இன்று' என்ற சொற்கள் தனியாக வரக்கூடாது. நான் எழுதிவைத்திருக்கும் வாசகம் இது. 2025க்கு எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஹிஜ்ரி 1446, ரமழான் பிறை 29, 2025 மார்ச் 30 ஞாயிறு இரவு. கொழும்பு பெரிய பள்ளிவாசலின் தீர்மானப்படி ஷவ்வால் தலைப்பிறை தென்பட்டுள்ளது. நோன்புப் பெருநாள் மார்ச் 31 திங்கட்கிழமை. தொழுகை காலை 6.45. இவ்வறிவித்தல் வெளியிடப்படும் நேரம் இரவு ..." நேரத்தை மட்டும் அன்றிரவு கையால் நிரப்புவோம். காணப்படாவிட்டால் வாசிக்கவேண்டியதையும் இதே போல இன்னொரு தாளில் எழுதி, இரண்டையும் முஅத்தினாரிடம் அஸருக்கே கொடுத்துவிடுவோம். தீர்மானம் வந்ததும் அவசரத்தில் எழுதினால்தான் கிழமையும் திகதியும் பிசகும்.

யாருடைய வாயிலிருந்து வரவேண்டும் என்பதும் தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கள் தலைவரும் செயலாளரும் இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் வரும் அறிவிப்பைக் கேட்கிறார்கள், அத்தோடு ஜம்இய்யாவின் உத்தியோகபூர்வ பக்கத்தையும் பார்க்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போனபின் முஅத்தினாருக்குச் சொல்வது செயலாளர் மட்டுமே. நிருவாக சபை உறுப்பினர் ஒருவர் தன் சொந்தத் தொலைபேசியிலிருந்து "கிடைத்த தகவல்" என்று முந்திப் போடுவதற்கு எங்களிடம் அனுமதியில்லை. இதற்காக முகம் சுளித்தவர்கள் உண்டு. பெருநாள் செய்தியை முதலில் சொல்வதில் ஒரு சந்தோசம் இருக்கிறது, மறுக்கவில்லை.

தீர்மானத்தோடு காரணமும் வரவேண்டும் என்பதை நாம் 2013இல் கற்றிருக்க வேண்டும். அவ்வருடம் ஓகஸ்ட் 7 மாலை கிண்ணியாவில் பிறை கண்டதாகச் சாட்சியம் சொன்னார்கள். அது ஏற்கப்படவில்லை. நாட்டின் பெரும்பகுதி 9ஆம் திகதி வெள்ளியன்று பெருநாள் எடுத்தது, கிண்ணியாவில் 8ஆம் திகதி வியாழனன்றே எடுத்தார்கள். அன்று மாலை பிறையின் வயது சுமார் 15 மணித்தியாலம். சூரியன் மறைந்து சொற்ப நேரத்திலேயே அதுவும் மறையும் நிலை. கணக்கை வைத்துச் சாட்சியத்தை மறுக்கலாமா என்பது ஆலிம்கள் பேசவேண்டியது, நான் அதில் நுழையவில்லை. ஆனால் ஒரு சாதாரண நோன்பாளி அன்றிரவு அறிய விரும்பியது ஒன்றுதான்: சாட்சியம் வந்ததா, வந்திருந்தால் ஏன் ஏற்கப்படவில்லை? "பிறை தென்படவில்லை" என்பதும் "சாட்சியம் கிடைத்தது, இன்ன காரணத்தால் ஏற்கப்படவில்லை" என்பதும் வேறு வேறு செய்திகள். முன்னதைக் கேட்டவர் மறுநாள் காலை கிண்ணியாச் செய்தியை அறிந்தால், தன்னிடம் ஏதோ மறைக்கப்பட்டதாக நினைப்பார். சர்வதேசப் பிறையையோ கணிப்பையோ பின்பற்றும் சகோதரர்களோடு நமக்குள்ள வேறுபாடு வேறு. இது உள்நாட்டுப் பிறையை ஏற்றவர்களுக்கிடையிலேயே நம்பிக்கை உடைந்த இடம்.

பள்ளிவாசலுக்கு வெளியே இருப்பவர்களையும் மறக்கக்கூடாது. கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைக்கு, இரவு எட்டரைக்குத் தீர்மானம் தெரிந்து, அதற்குப் பின் லீவு கேட்டு, அக்கரைப்பற்று பஸ்ஸைப் பிடிக்க முடியாது. அவளது மேற்பார்வையாளருக்குப் பிறை என்றால் என்னவென்று தெரியாது, கலண்டரில் உள்ள சிவப்புத் திகதிதான் தெரியும். அந்தத் திகதியோ முந்திய வருடமே குறிக்கப்பட்டது. தாதியர், சிங்களப் பாடசாலைகளில் கற்பிக்கும் நமது ஆசிரியர்கள் எல்லோருக்கும் இதே பிரச்சினை. என்னிடம் கடிதம் எழுதக் கேட்டு வருபவர்களுக்கு நான் சிங்களத்தில் எழுதிக்கொடுப்பது இதுதான்: எங்கள் பண்டிகை இந்த இரண்டு நாட்களில் ஒன்று, எது என்பது இன்ன திகதி இரவு ஒன்பது மணிக்குள் தெரியும், இரு நாட்களுக்கும் விடுமுறை ஒதுக்கி, பண்டிகையல்லாத நாளை இரத்துச் செய்ய அனுமதியுங்கள், அன்றிரவே குறுஞ்செய்தி அனுப்புகிறேன். பத்து நாட்களுக்கு முன் கொடுத்தால் பெரும்பாலான அதிகாரிகள் மறுப்பதில்லை. முதல்நாள் இரவு தொலைபேசியில் கேட்டால்தான் எரிச்சல்படுகிறார்கள். பள்ளிவாசல் கடிதத் தலைப்பில் இப்படியொரு கடிதத்தை மும்மொழியிலும் அச்சிட்டு வைத்தால் இன்னும் நல்லது.

பிறையைக் காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளையும் பிரித்துக்கொள்ளலாம். பித்ரா அரிசியைப் பல ஊர்களில் பெருநாள் இரவு வரை மூடையாக வைத்திருந்து, தீர்மானம் வந்தபின் நள்ளிரவு வரை பங்கிடுகிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் ரமழான் தொடங்கியதிலிருந்தே அதை முற்படுத்திக் கொடுக்க அனுமதி உண்டு. 27, 28லேயே கொடுத்துவிட்டால் வாங்குபவருக்கும் நிம்மதி, அந்த இரவில் நிருவாகத்துக்கும் ஒரு சுமை குறைவு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இந்தப் பாடு எதுவுமில்லை. தலைப்பிறை தீர்மானித்து ஒன்பது நாட்கள் கையிலிருக்கும், அறிவித்தல் ஆறுதலாக எழுதலாம்.

எஞ்சியிருப்பது, தீர்மானம் மிகவும் பிந்தினால் என்ன செய்வது என்பது. தொலைதூர ஊரொன்றிலிருந்து சாட்சியம் பிந்திவந்து, தராவீஹ் முடிந்து மக்கள் படுத்தபின் தீர்மானம் மாறினால்? எங்கள் பகுதிப் பள்ளிவாசல்கள் இதற்கு ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கின்றன. இரவு 10.30 வரை ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஒருவர் விழித்திருப்பார். அதற்குள் மாற்றம் வந்தால் ஒலிபெருக்கியில் அறிவிப்போம். அதற்குப் பின் வந்தால் நள்ளிரவில் ஊரை எழுப்பமாட்டோம், ஸஹர் நேரத்தில் நாலு மணிக்கு முதல் வேலையாக அறிவிப்போம். மாற்றமேதும் இல்லையென்றாலும் அந்த நாலு மணிக்கு ஒரு வசனம் வரும்: "தீர்மானத்தில் மாற்றமில்லை, இன்று நோன்பு 30." ஸஹருக்கு எழுந்து பானையை அடுப்பில் வைத்திருக்கும் பெண்மணி அதைக் கேட்டுவிட்டுத்தான் சோறு பரிமாறுகிறார்.